ஓரத்தில் இருமுறை வெளிறும் சிவப்பு

கேள்வி: மழையில் ஒரு பெண் சிவப்புக் குடை பிடித்து நிற்கும் படம் என்னிடம் இருக்கிறது. குடை மட்டும் சிவப்பாக இருக்க, மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையாக வேண்டும். கிம்ப் பயன்படுத்துகிறேன். குடைக்கு இடப்புறம் தார்ச்சாலை, வலப்புறம் பச்சைப் புதர். இடது ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு விழுகிறது. வலது ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ கசிகிறது. மாஸ்க்கின் ஓரத்தை உள்ளே தள்ளினால் சாம்பல் கோடு தடிக்கிறது, வெளியே தள்ளினால் பச்சை கூடுகிறது. சுத்தமான ஓரம் எப்படி வரும்?

பதில்:

ஒரே ஓரத்தை இரு பக்கத்துக்கும் ஒரே அளவில் தள்ளிப் பார்ப்பதால்தான் இந்த இழுபறி. இடப்புறம் இருப்பது ஒரு கோளாறு, வலப்புறம் இருப்பது முற்றிலும் வேறொரு கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் மாஸ்க் இங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு பொருளை வெட்டி எடுத்து வேறொரு படத்தில் ஒட்டும்போது, ஓரத்துக்கு அந்தப் பக்கம் முற்றிலும் புதிய காட்சி இருக்கும். அங்கே மாஸ்க் ஒரு பிக்சல் பிசகினாலும் பழைய பின்னணி எட்டிப் பார்க்கும். உங்கள் வேலை அப்படிப்பட்டது அல்ல. மேலே நிற லேயர், கீழே சாம்பல் லேயர், இரண்டிலும் இருப்பது ஒரே படம்; மாஸ்க் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மேல் லேயர் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் கீழ் லேயர் தெரியும்; மாஸ்க் முடிவு செய்வது எங்கே நிறம் இருக்கும், எங்கே இருக்காது என்பதை மட்டும்தான். ஆகவே இயல்பிலேயே நிறமில்லாத இடங்களில் மாஸ்க் எப்படி இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஈரமான தார்ச்சாலை, குடையின் எஃகுக் கம்பி, கருங்கூந்தல், துணியில் மின்னும் வெள்ளைப் பளபளப்பு எல்லாம் இந்த வகை. இவற்றின் மேல் மாஸ்க் தாராளமாக வழிந்து போகலாம். கூந்தல் இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப் பலர் மணிக்கணக்கில் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். சிவப்புத் துணியின் முன்னால் கருங்கூந்தல் பறக்கிறது என்றால் அந்த உழைப்பு தேவையே இல்லை. மாஸ்க்கில் அந்த இடம் முழுவதையும் வெள்ளையாக விட்டுவிடுங்கள். முடி கறுப்பாகவே இருக்கும், இழைகளுக்கு இடையில் சிவப்பு இயல்பாகத் தெரியும். கவனம் செலவாக வேண்டியது நிறமும் நிறமும் தொட்டுக்கொள்ளும் இடங்களில்: குடையும் புதரும், குடையும் தோலும்.

இப்போது இடப்புறத்துச் சாம்பல் கோடு. படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் குடையின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்பு ஒரே தாவலில் சாலையாக மாறுவதில்லை. நடுவில் இரண்டு மூன்று பிக்சல்கள் கலவையாக இருக்கும். துணியின் சிவப்பு 190, 30, 40 என்றும் சாலை 120, 122, 125 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்த ஒரு பிக்சல் ஏறத்தாழ 155, 76, 82 என்று நிற்கும். அதாவது அதன் சிவப்பு கேமராவிலேயே பாதியாக மங்கிவிட்டது. அதே பிக்சலின் மேல் மாஸ்க்கும் பாதி சாம்பலாக விழுந்தால், மிஞ்சிய பாதியில் பாதி போய்விடும். தெரிவது கால்பங்குச் சிவப்பு. ஓரம் இருமுறை வெளிறுகிறது. உங்கள் மாஸ்க் மிகச் சரியாகக் குடையின் விளிம்பிலேயே இருந்தாலும் சாம்பல் கோடு தெரிவதற்குக் காரணம் இதுதான். கையில் எந்தப் பிழையும் இல்லை.

ஆகவே பின்னணி நிறமற்றதாக இருக்கும் பக்கத்தில் மாஸ்க் விளிம்பைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு என்றால், படத்தின் சொந்த ஓரம் எத்தனை பிக்சலில் மாறுகிறதோ அதில் பாதி. மூன்று பிக்சல் ஓரம் என்றால் ஒன்றரை பிக்சல். அந்தக் கலவைப் பிக்சல்களின் நிறம் முழுவதும் அப்படியே தங்கட்டும்; அவை தாமாகவே அழகாக மங்கிச் சாலைக்குள் கரையும். கேமரா செய்துகொடுத்த மங்கலைவிட நல்ல மங்கலை நாம் பிரஷ்ஷால் செய்ய முடியாது.

வலப்புறம் இந்த மருந்து விஷமாகிவிடும். புதரின் பச்சை 70, 110, 50 என்றால், அங்கே பாதிக்குப் பாதி கலவை 130, 70, 45. இது பழுப்பு. நீங்கள் பார்க்கும் பழுப்புக் கசிவு இந்தப் பிக்சல்கள்தான். நிறத்தை விட்டுவைத்தால் பழுப்புக் கோடு, எடுத்துவிட்டால் சாம்பல் கோடு. மாஸ்க்கை எங்கே நகர்த்தினாலும் தீராது, ஏனென்றால் தவறு மாஸ்க்கில் இல்லை, அதன் அடியில் இருக்கும் பிக்சலின் நிறத்தில் இருக்கிறது. அந்த நிறத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி வேலையை வரிசையாகச் சொல்கிறேன். படத்தின் லேயரை இரட்டிப்பாக்குங்கள் (`Layer > Duplicate Layer`). கீழே இருப்பதைத் தேர்ந்தெடுத்து `Colors > Desaturate > Desaturate` சென்று, அங்கே முறையை `Luminance` என்று வையுங்கள். `Image > Mode > Grayscale` பக்கம் போகவே வேண்டாம்; அது கோப்பு முழுவதையும் நிறமில்லாததாக்கிவிடும், மேல் லேயரும் சேர்ந்து சாம்பலாகும்.

அந்த `Luminance` தேர்வு ஓரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. தூய சிவப்பை, அதாவது 255, 0, 0 என்ற நிறத்தை, `Value` முறையில் சாம்பலாக்கினால் 255 கிடைக்கும், பளீர் வெள்ளை. `Luma` முறையில் 56 அளவுக்கு இறங்கும், கிட்டத்தட்டக் கறுப்பு. `Luminance` முறையில் சுமார் 127. நம் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ அதற்கு நெருக்கமானது இந்தக் கடைசி எண்தான். மாஸ்க் பாதியாக இருக்கும் பிக்சல்களில் மேல் லேயரும் கீழ் லேயரும் கலந்து தெரிகின்றன அல்லவா? இரண்டின் வெளிச்சமும் ஒன்றாக இருந்தால் நிறம் மட்டும் குறையும், கண் அதைப் பொருட்படுத்தாது. வெளிச்சம் வேறுபட்டால் குடையைச் சுற்றி வெள்ளை விளிம்போ கறுப்பு விளிம்போ கட்டும், அதைக் கண் உடனே பிடித்துவிடும். நிறத்தில் நிகழும் நுண்ணிய மாற்றங்களைவிட வெளிச்சத்தில் நிகழ்பவற்றுக்கு நம் பார்வை மிகவும் கூர்மையானது. இதே காரணத்தால், சாம்பல் லேயரை மட்டும் தனியாக இருட்டாக்குவதையும் கான்ட்ராஸ்ட் கூட்டுவதையும் தவிர்க்கச் சொல்வேன். படம் அழுத்தமாக வேண்டும் என்றால் லேயரை இரட்டிப்பாக்கும் முன்பே `Curves` போட்டுவிடுங்கள். இரண்டு லேயரும் ஒரே வெளிச்சத்தோடு பிறக்கும்.

அடுத்தது மாஸ்க். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் `Select by Color` கருவி சிவப்புப் பொருளுக்கு ஆசை காட்டும், ஆனால் குடைக்கு நான் அதை நம்புவதில்லை. துணியின் நிழல் மடிப்பில் இருக்கும் அடர்சிவப்பை விட்டுவிடும், தொலைவில் நிற்கும் ஒரு காரின் பின்விளக்கைப் பிடித்துக்கொள்ளும், ஓரமோ அரிவாள் பல்லைப் போல வரும். குடைக்கு ஏற்றது `Paths` கருவி. குடையின் விளிம்பு கம்பி முனையிலிருந்து கம்பி முனைக்குச் சீரான வளைவாகத் தொங்குகிறது. ஒவ்வொரு முனையிலும் ஒரு புள்ளி வைத்து, நடுவிலுள்ள கோட்டை இழுத்துத் துணியோடு பொருத்தினால் போதும். புள்ளிகள் குறையக் குறைய வளைவு வழுவழுப்பாக வரும்; கை நடுக்கம் தெரியும் இடமெல்லாம் புள்ளிகள் அளவுக்கு மீறிய இடம்தான். பாதையைக் குடையின் உண்மையான விளிம்பிலேயே, அந்தக் கலவைப் பிக்சல்களின் நடுவே ஓட்டுங்கள். உள்ளே வெளியே தள்ளுவதெல்லாம் பிறகு. பாதை மூடியதும் `Enter` அழுத்தினால் அது தேர்வாகிவிடும். மேலே இருக்கும் நிற லேயரில் `Layer > Mask` வழியாக மாஸ்க் சேர்த்து, தொடக்க நிலையாக `Selection` என்பதைத் தெரிவு செய்யுங்கள். உடனே `Select > None` கொடுத்துத் தேர்வை நீக்கிவிட வேண்டும். இதை மறந்தால் அடுத்து நீங்கள் செய்யும் மங்கல் தேர்வின் உட்புறத்தில் மட்டுமே படியும். ஓரத்தின் ஒரு பக்கம் கத்தி வெட்டாகவும் மறுபக்கம் பஞ்சாகவும் இருக்கும்.

இப்போது மாஸ்க்கின் கூர்மையைப் படத்தின் கூர்மையோடு பொருத்த வேண்டும். தேர்வு செய்யும்போதே `Feather` கொடுப்பதைவிட, கூர்மையான மாஸ்க்கை எடுத்து அதன் மேல் `Gaussian Blur` போடுவதையே விரும்புகிறேன். அளவு தவறினால் ஒரு படி பின்வாங்கி வேறு அளவு போடலாம். படத்தின் ஓரம் எத்தனை பிக்சலில் மாறுகிறது என்று எண்ணி, அதை இரண்டரையால் வகுத்தால் `Size` பெட்டியில் போட வேண்டிய எண் ஏறத்தாழக் கிடைக்கும். மூன்று பிக்சல் ஓரத்துக்கு 1.2.

குடை முழுவதும் ஒரே கூர்மையில் இருக்காது என்பதையும் பாருங்கள். கேமரா முகத்தின் மீது ஃபோகஸ் ஆகியிருந்தால், முன்னால் நீளும் விளிம்பும் பின்னால் போகும் விளிம்பும் மென்மையாக இருக்கும். நான் செய்த ஒரு குடைப் படத்தில் பக்கவாட்டு விளிம்பு மூன்று பிக்சலில் மாறியது, பின்விளிம்பு பன்னிரண்டு பிக்சல் எடுத்துக்கொண்டது. ஒரே 1.2 மங்கலை எல்லா இடத்திலும் போட்டபோது பின்விளிம்பு மட்டும் காகிதத்தில் வெட்டி ஒட்டியதைப் போல நின்றது. மாஸ்க்கில் அந்தப் பகுதியை மட்டும் `Free Select` கருவியால் வளைத்து, அந்தத் தேர்வுக்கு 20 பிக்சல் `Feather` கொடுத்து, உள்ளே 5 அளவில் மங்கலாக்கினேன். தேர்வுக்கே `Feather` கொடுப்பதால் கூர்மையான பகுதியிலிருந்து மென்மையான பகுதிக்கு மாறும் இடம் தெரியாது.

இனி ஓரத்தைத் தள்ளும் வேலை. சாலைப்பக்க விளிம்பை அதேபோல வளைத்துத் தேர்ந்தெடுத்து, மாஸ்க்கின் மேல் `Colors > Levels` திறங்கள். உள்ளீட்டுப் பட்டையின் அடியில் நடுவில் நிற்கும் சாம்பல் முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் மாஸ்க்கின் அரைச்சாம்பல்கள் வெளுக்கும், விளிம்பு வெளிப்புறமாக நகரும். சாம்பல் கோடு மறையும் வரை மெதுவாக நகர்த்துங்கள். கலவைப் பிக்சல்களின் வெளிக்கோடி வரை எட்டாவிட்டால், வெள்ளை முக்கோணத்தையும் கொஞ்சம் இடப்பக்கம் கொண்டுவாருங்கள். சாலைப்பக்கம் ஒரு பிக்சல் அதிகமாகப் போய்விட்டாலும் பயமில்லை, அங்கே கெடுவதற்கு நிறமே இல்லை.

புதர்ப்பக்கம் மாஸ்க்கை உண்மையான விளிம்பிலேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, மாஸ்க்கை விட்டு நிற லேயரின் படத்தையே சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். பிரஷ்ஷை எடுத்து, அதன் `Mode` பட்டியலில் `LCh Hue` என்பதை வையுங்கள். குடைத்துணியின் நடுவிலிருந்து ஒரு சிவப்பை நிறத்துளிக் கருவியால் எடுத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பிக்சல் அகல மென்மையான பிரஷ்ஷால் அந்த விளிம்பு நெடுகத் தீட்டுங்கள். இந்த முறை பிக்சலின் வெளிச்சத்தையும் நிறச்செறிவையும் தொடாது. எந்த நிறம் என்பதை மட்டும் மாற்றும். பழுப்பு மங்கிய சிவப்பாகும், கலவையில் இருந்த பச்சைச் சாயலும் சிவப்பாகும். பிரஷ் புதருக்குள் வழிந்தால் இலைகளும் சிவப்பாக மாறும்தான், ஆனால் மாஸ்க் அவற்றை மறைத்துவிடுகிறது. ஆகையால் கை தாராளமாகப் போகலாம். இருந்தும் ஓரம் சோகையாகத் தெரிந்தால், `Mode` பட்டியலில் `LCh Color` வைத்து, பிரஷ்ஷின் `Opacity` அளவை 30 ஆக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். இது செறிவையும் சேர்த்துக் கொடுக்கும். இந்த ஒரு நுட்பம் தெரிந்த பிறகு, ஓரத்தில் மாஸ்க்கோடு மல்லாடுவதை நான் விட்டுவிட்டேன்.

உங்கள் படத்தில் இன்னும் இரண்டு இடங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒன்று, ஈரச்சாலையில் விழும் குடையின் பிரதிபலிப்பு. அதை முழுவதும் சாம்பலாக்கினால் குடை மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதைப் போல அந்நியமாக நிற்கும். மாஸ்க்கின் மேல் பெரிய மென்மையான பிரஷ்ஷால், `Opacity` 40 அளவில் வெள்ளை தீட்டி, அரைகுறையாகச் சிவப்பை மீட்டு வைப்பேன். மற்றொன்று, குடைத்துணி வழியாக வடிந்து அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழும் சிவப்பு ஒளி. அதை நான் வைக்க மாட்டேன். பிரதிபலிப்பைப் பார்ப்பவர் குடையோடு சேர்த்துப் புரிந்துகொள்வார். சாம்பல் முகத்தில் ஒரு சிவப்புத் திட்டு மாஸ்க் பிழையாகவே கண்ணில் படும். தோலில் நிறம் நிறைய இருப்பதால், குடை விளிம்பு நெற்றியைத் தொடும் இடத்தைப் புதர்ப்பக்கத்தைப் போலவே நடத்துங்கள்: மாஸ்க் உண்மை விளிம்பில், கலவைப் பிக்சல்களுக்கு `LCh Hue`.

எல்லாம் முடிந்ததா என்று கண்ணால் மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். `Layer > New from Visible` கொடுத்து மேலே ஒரு தற்காலிக லேயர் உருவாக்கி, அதில் `Colors > Saturation` திறந்து `Scale` அளவை 2 ஆக்குங்கள். உண்மையான சாம்பல் எத்தனை மடங்கு கூட்டினாலும் சாம்பலாகவே இருக்கும். எங்கெல்லாம் துளி நிறம் தப்பியிருக்கிறதோ அங்கெல்லாம் அது கத்திக் காட்டிக்கொடுக்கும்: புதர்ப்பக்கத்தில் விட்டுப்போன ஒரு பச்சை இழை, தோளில் தவறுதலாகப் பட்ட ஒரு பிரஷ் தடம், கம்பி முனையில் நிற்கும் பழுப்பு. திருத்திவிட்டு அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

உள்ளே விட்டுப்போன ஓட்டைகளைக் காண வேறு வழி வேண்டும். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறுபடத்தை `Alt` அழுத்திச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் நிறையும். வெள்ளைப் பரப்பில் சாம்பல் புள்ளிகள் இருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் மூடிவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஓரம் கெடக்கூடிய ஒரு கட்டம் மிச்சமிருக்கிறது: ஜேபெக் கோப்பாகச் சேமிக்கும்போது. பல ஜேபெக் கோப்புகளில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறம் நான்கு பிக்சல் கொண்ட கட்டத்துக்கு ஒரே மதிப்பாகவும் சேமிக்கப்படுகிறது. சாதாரணப் படத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் உங்கள் படத்தில் அழுத்தமான சிவப்பின் பக்கத்திலேயே துளி நிறமும் இல்லாத சாம்பல் நிற்கிறது. அந்த நாலு பிக்சல் கட்டம் விளிம்பின் மேல் விழும் இடத்தில் சிவப்பு சாம்பலுக்குள் கசியும், குடைக்குள் இருக்கும் பிக்சல் வெளிறும். ஏற்றுமதிப் பெட்டியில் கூடுதல் அமைப்புகளைத் திறந்து `Subsampling` என்ற இடத்தில் `4:4:4` இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அப்போது நிறமும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகச் சேமிக்கப்படும்.

நீங்கள் தொடங்கும் கோப்புக்கும் இதே கணக்குத்தான். செயலி வழியாக யாரோ அனுப்பிய, சுருக்கப்பட்ட படத்தில் சிவப்பு ஏற்கெனவே சாலைக்குள் இரண்டு பிக்சல் கசிந்திருக்கும். மாஸ்க்கை வெட்டிய இடத்தில் அது படிக்கட்டாகத் தெரியும். கேமராவிலிருந்து நேராக வந்த கோப்பும், முடிந்தால் ரா கோப்பும் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அது இல்லை, சுருக்கிய படம்தான் கையில் இருக்கிறது என்றால், முதலில் முழு அளவில் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் படத்தைப் பாதி அளவுக்குக் குறைத்து ஏற்றுமதி செய்யுங்கள். நான்கு பிக்சல் ஒன்றாகும்போது அந்தப் படிக்கட்டு பெரும்பாலும் உள்ளடங்கிவிடும்.